ரொட்டி மேக்கரில் மேல் தட்டில் மட்டும் மாவு ஒட்டுகிறது: தெர்மோஸ்டாட்டா, கோட்டிங்கா?

துறைமுகத்து வீடு (திங்கள், இரவு 9.20)

கடலூர் ஓ.டி.யில் இருந்து எழுதுகிறேன். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, அதனால் ராத்திரி தினமும் சப்பாத்திதான். அதற்காக வாங்கிய கரண்ட் ரொட்டி மேக்கர், 900 வாட், இரண்டு தட்டும் சூடாகிற வகை, 4 வருஷம் ஆகிறது. மூன்று வாரமாகப் படுத்துகிறது. உருண்டையை வைத்து அழுத்தித் திறந்தால் மாவு பாதி மேல் தட்டோடு போய்விடுகிறது. கரண்டியால் வழித்து எடுக்க வேண்டியிருக்கிறது. கிழியாமல் வந்தாலும் மேல் பக்கம் வெளுத்துப் பச்சையாக இருக்கும், அது வேகட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் அடிப்பக்கம் கருகிவிடும்.

சிவப்பு விளக்கு எரிகிறது, பச்சை விளக்கும் வருகிறது, போகிறது. ஒரு கடையில் காட்டினேன். பிரித்துக்கூடப் பார்க்காமல் தெர்மோஸ்டாட் போயிடுச்சு, 450 ரூபாய் ஆகும் என்றார். இன்னொருவர் கோட்டிங் போயிடுச்சு, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க என்றார். கீழ்த் தட்டின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளி மாதிரி தெரிவது உண்மைதான். ஆனால் ஒட்டுவது மேல் தட்டில், அங்கே கோட்டிங் நன்றாகத்தான் இருக்கிறது. யார் சொல்வதை நம்புவது?

வோல்ட் வாத்தியார் (திங்கள், இரவு 9.41)

இதில் குழம்ப ஒன்றுமில்லை, கரண்ட் கம்மி. நீங்கள் ராத்திரி சுடுகிறீர்கள், அந்த நேரத்தில் தெரு முழுக்க ஏசி ஓடும். எங்கள் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் மே மாதத்தில் ஸ்டெபிலைசர் 190 காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். வோல்டேஜ் குறைந்தால் சூடு அதே அளவில் குறையாது, அதைவிட வேகமாக விழும். 230-க்கு 900 வாட் என்றால் 190-ல் 614 வாட்தான் கிடைக்கும், மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. தட்டு சூடாகாவிட்டால் மாவு ஒட்டத்தான் செய்யும். பகலில் சுட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பாகூர் அக்கா (திங்கள், இரவு 10.05)

மிஷினைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் மாவைப் பாருங்க. கையால் தேய்க்கிற சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி கெட்டியாகப் பிசைந்தால் இதில் சரியாக வராது. நான் பாகூரில் பத்துப் பேருக்குத் தினமும் சுடுகிறேன். ஒரு கப் மாவுக்கு முக்கால் கப்பை ஒட்டி வெதுவெதுப்பான தண்ணீர் போகும், காது மடல் பதத்துக்கு வர வேண்டும். ஈரத்துணி மூடி அரை மணி நேரம் வைக்கணும். உருண்டையை நடுவில் வைக்கக் கூடாது, கொஞ்சம் கீல் பக்கம் தள்ளி வைக்கணும், அழுத்தும்போது அது முன்னால் நகர்ந்து நடுவுக்கு வந்துவிடும். அழுத்தினதும் ஒரு நொடி, இரண்டு நொடியில் கையை எடுத்துடணும். பிடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே ஆவி அடைத்து டப்பென்று கிழியும். எனக்கும் ஆரம்பத்தில் இப்படித்தான் கிழிந்தது.

துறைமுகத்து வீடு (செவ்வாய், காலை 11.30)

அக்கா, 4 வருஷமாக அப்படித்தான் செய்கிறேன், பதம் மாறவில்லை. அதே மாவில் மிச்சம் இருந்த உருண்டைகளை அடுப்பில் கல் போட்டுச் சுட்டேன், பூப்போல வந்தது. வாத்தியார் சார் சொன்னதும் செய்துவிட்டேன். இன்று காலை 10 மணிக்குச் சுட்டேன், பையனின் மீட்டரில் 228 வோல்ட். அதே கதை, மேல் தட்டில் ஒட்டல், அடியில் கருகல்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். முன்னெல்லாம் ஸ்விட்ச் போட்டு 4 நிமிஷத்தில் பச்சை விளக்கு வரும். இப்போது 6 நிமிஷம் ஆகிறது.

முத்தியால்பேட்டை ஸ்பேனர் (செவ்வாய், மதியம் 2.10)

அந்த 6 நிமிஷத்தை முதலிலேயே எழுதியிருந்தால் இவ்வளவு பேச்சு வந்திருக்காது 🙂

கரண்ட் கம்மி என்றால் இரண்டு தட்டும் சேர்ந்து குறைய வேண்டும். உங்களுக்குக் கீழே கருகுகிறது, மேலே பச்சையாக இருக்கிறது. ஒரே பக்கம் மட்டும் குறைந்தால் அது வெளியிலிருந்து வருகிற கரண்ட்டின் குற்றம் இல்லை, மிஷினுக்குள் இருக்கிறது.

அடுத்தது விளக்கு. பச்சை எரிந்தால் இரண்டு தட்டும் தயார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பிரித்த மிஷின்களில் பாதிக்கு மேல் தெர்மோஸ்டாட் ஒன்றே ஒன்றுதான், கீழ்த் தட்டின் அடியில் ஸ்குரூ போட்டுப் பிடித்திருக்கும். இரண்டு தட்டின் எலிமெண்ட்டுக்கும் கரண்ட் அது வழியாகத்தான் போகும். அதற்குக் கீழ்த் தட்டின் சூடு மட்டும்தான் தெரியும். மேல் தட்டு பனிக்கட்டியாக இருந்தாலும் கீழே சூடு ஏறினால் கட் பண்ணி, பச்சை காட்டிவிடும். அதனால் உங்கள் பச்சை விளக்கு வந்து போவதைப் பார்த்தால் தெர்மோஸ்டாட் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். கடைக்காரர் அதைத்தான் மாற்றச் சொல்லியிருக்கிறார்!

ஆனால் நான் சொல்கிறேன் என்று நம்ப வேண்டாம், ஒரு சோதனை செய்யுங்கள். சூடு ஏறி இரண்டாவது முறை பச்சை வந்த பிறகு, சாதாரண வெள்ளை பிரெட் துண்டு ஒன்றை நடுவில் வையுங்கள். மூடியை அழுத்தாமல் அதன் கனத்திலேயே 2 நிமிஷம் விட்டு எடுத்து இரண்டு பக்கத்தையும் போட்டோ போடுங்கள்.

ரெட்டியார்பாளையம் பேச்சிலர் (செவ்வாய், மாலை 4.00)

எனக்கும் இதே பிரச்சினைதான் என்று நினைக்கிறேன். என்னுடையது சாண்ட்விச் மேக்கர், போட்டதும் வீட்டு டிரிப்பர் விழுந்துவிடுகிறது. மழைக்காலம் முழுக்கப் பரணில் கிடந்தது. தெர்மோஸ்டாட் மாற்றினால் சரியாகுமா?

முத்தியால்பேட்டை ஸ்பேனர் (செவ்வாய், மாலை 4.25)

தம்பி, இது வேறு, அது வேறு. உங்களுடையது எர்த் லீக்கேஜ். எலிமெண்ட்டின் குழாய்க்குள் இருக்கும் வெள்ளைப் பொடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மாதக் கணக்கில் சும்மா கிடந்தால் இப்படி ஆகும். சில சமயம் வெயிலில் நாலைந்து நாள் காய வைத்தால் சரியாகும், சில சமயம் ஆகாது. டிரிப்பரை மட்டும் பைபாஸ் பண்ணிவிடாதீர்கள். மற்றதைத் தனி இழையில் கேளுங்கள்.

துறைமுகத்து வீடு (செவ்வாய், இரவு 8.15)

பிரெட் வைத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் வளையம் வளையமாகச் சிவந்திருக்கிறது. மேல் பக்கம் ஈரம் மட்டும் போயிருக்கிறது, நிறம் மாறவே இல்லை, பால் வெள்ளை. மூடியின் மேல் பிளாஸ்டிக்கைத் தொட்டேன், முன்பெல்லாம் கை வைக்க முடியாது, இப்போது வெதுவெதுப்புதான்.

கீழே அந்த வளையம் ஏன்? அதுவும் கோளாறா?

வோல்ட் வாத்தியார் (செவ்வாய், இரவு 8.32)

அப்படியென்றால் மேல் தட்டு தெர்மோஸ்டாட் போயிருக்கிறது. மேலே தனியாக ஒன்று இருக்கும். அதன் நடுவில் ஒரு சின்ன ஸ்குரூ உண்டு, அரைச் சுற்று திருகினால் சூடு கூடும். இல்லாவிட்டால் இரண்டு ஒயரையும் நேராகச் சேர்த்துவிடுங்கள், சுட்டு முடித்ததும் ஸ்விட்சை அணைத்தால் போதும். நான் என் இஸ்திரிப்பெட்டிக்கு ஒரு வருஷமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

முத்தியால்பேட்டை ஸ்பேனர் (செவ்வாய், இரவு 9.10)

வாத்தியாரே, உங்கள் கணக்கு சரி, வைத்தியம் ஆபத்து. தெர்மோஸ்டாட்டை நேராகச் சேர்த்தால் தட்டின் சூடு ஏறிக்கொண்டே போகும். நான்ஸ்டிக் கோட்டிங் 260 டிகிரியைத் தாண்டினால் கெட ஆரம்பிக்கும், இன்னும் ஏறினால் புகையும். உள்ளே தெர்மல் ஃபியூஸ் இருந்தால் அது போய் மிஷின் நின்றுவிடும், இல்லாத மலிவு மாடல் என்றால் பிளாஸ்டிக் உருகி மேடையில் வழியும். அந்த இஸ்திரிப்பெட்டியையும் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். இரண்டு தட்டுக்கும் தனித்தனியாகத் தெர்மோஸ்டாட் வைத்த மாடல்கள் உண்டு என்பது உண்மைதான். அந்த ஸ்குரூவும் உண்மைதான். ஆனால் சூடு அளக்கிற கருவி கையில் இல்லாமல் அதைத் திருகுவது கண்ணைக் கட்டிக்கொண்டு உப்புப் போடுகிற மாதிரி.

அம்மா, வளையம் கோளாறு இல்லை. எலிமெண்ட் வளையமாகத்தான் தட்டுக்குள் போகிறது, அதன் மேலே கொஞ்சம் முந்திச் சிவக்கும். அரை வட்டம் மட்டும் சிவந்து மீதி வெளுத்திருந்தால் கவலைப்படலாம்.

மேல் எலிமெண்ட் போயிருக்கலாம், அல்லது அதற்குப் போகிற ஒயர் அறுந்திருக்கலாம். என் பந்தயம் ஒயர். ஒவ்வொரு சப்பாத்திக்கும் மூடியை இரண்டு முறையாவது திறந்து மூடுகிறீர்கள், ஒரு நாளைக்குப் பத்துச் சப்பாத்தி என்றாலும் 4 வருஷத்தில் அந்தக் கீலில் ஒயர் எத்தனை ஆயிரம் முறை மடங்கியிருக்கும் என்று பாருங்கள். வெளியே உறை முழுசாக இருக்கும், உள்ளே கம்பி ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும்.

பையனிடம் மீட்டர் இருக்கிறதே, பிரிக்காமலே பார்க்கலாம். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, மிஷின் நன்றாக ஆறிய பிறகு, பிளக்கின் இரண்டு சின்னப் பின்களுக்கு நடுவே ஓம்ஸ் அளக்கச் சொல்லுங்கள். 900 வாட் மிஷின், தட்டுக்கு 450. இரண்டு எலிமெண்ட்டும் உயிரோடு இருந்தால் 59 ஓமை ஒட்டி வரும். ஒன்று மட்டும் இருந்தால் அதற்கு இரண்டு மடங்கு, 118-ஐ ஒட்டி. அளந்துகொண்டே மூடியை மெதுவாகத் திறந்து மூடுங்கள், அதுதான் முக்கியம். எலிமெண்ட் போயிருந்தால் 118 அசையாது. ஒயர் என்றால் ஏதாவது ஒரு கோணத்தில் குதிக்கும்.

அப்படியே பெரிய பின்னுக்கும், அதாவது எர்த்துக்கும், தட்டின் உலோகத்துக்கும் நடுவே ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோட்டிங் மேல் வைத்தால் ஒன்றும் காட்டாது, ஸ்குரூ தலையிலோ கீறல் விழுந்த இடத்திலோ முனையை அழுத்தி வையுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே வர வேண்டும்.

இரும்புக்கல் (செவ்வாய், இரவு 9.45)

இவ்வளவு கஷ்டம் எதற்கு? வெள்ளி தெரிகிறது என்கிறீர்கள், அந்தக் கோட்டிங் எல்லாம் இத்தனை நாளாக உங்கள் வீட்டுக்காரர் வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது, விஷம். இன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டு இரும்புக்கல் வாங்குங்கள்.

துறைமுகத்து வீடு (புதன், இரவு 7.50)

பையன் பாலிடெக்னிக் படிக்கிறான், ஆர்வமாக உட்கார்ந்துவிட்டான். மூடி மூடியிருக்கும்போது 116. திறக்கத் திறக்க 116-தான், பாதி திறந்த இடத்தில் சட்டென்று 58, ஒரு விரல் கடை தள்ளினால் மறுபடி 116. பத்து முறை செய்து காட்டினான், பத்து முறையும் அதே இடத்தில் குதித்தது. ஸ்பேனர் அண்ணா, பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள்.

ஆனால் எர்த் அளந்ததில் எனக்குப் பயம் வந்துவிட்டது. கீழ்த் தட்டில் 0.4 காட்டுகிறது. மேல் தட்டின் ஸ்குரூவில் ஒன்றுமே காட்டவில்லை, எந்தக் கோணத்திலும்.

முத்தியால்பேட்டை ஸ்பேனர் (புதன், இரவு 8.20)

இனி ஒயர் மாற்றும் வரை அதை ஸ்விட்ச் போடாதீர்கள். மேல் தட்டின் எர்த் ஒயரும் அதே கொத்தில்தான் கீல் வழியாகப் போகிறது, அது முழுசாக அறுந்துவிட்டது. அறுந்த கரண்ட் ஒயரின் நுனி மேல் தட்டில் பட்டால், டிரிப்பர் விழாது, எர்த்தே இல்லையே. நீங்கள் அந்தத் தட்டில் ஒட்டிய மாவை எவர்சில்வர் கரண்டியால் வழித்துக்கொண்டு இருப்பீர்கள். இத்தனை நாள் ஒன்றும் ஆகாதது உங்கள் நல்ல நேரம்.

இப்போது 6 நிமிஷம் ஏன் என்று புரிகிறதா? பாதி வாட்டில் ஓடுகிறது. அந்தப் பாதியிலும் கீழ்த் தட்டு தன் மேலே மூடியிருக்கும் குளிர்ந்த தட்டுக்குச் சூட்டைக் கொடுத்துக்கொண்டு இருக்கிறது. ஒட்டினதும் அதனால்தான். சூடான தட்டில் மாவு பட்டதும் மேல்தோல் ஒரு நொடியில் காய்ந்துவிடும், அடியிலிருந்து வரும் ஆவி அதைத் தூக்கிவிடும். குளிர்ந்த தட்டில் தோல் கட்டாது, அழுத்துகிற வேகத்தில் பச்சை மாவு பசை மாதிரி அப்பிக்கொள்ளும். கோட்டிங் புதுசாக இருந்தாலும் அப்பும்.

ஒயர் மாற்றுகிறவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். சூடு தாங்குகிற ஒயர் வேண்டும், சிலிகான் உறையோ கண்ணாடி நார் உறையோ போட்டது. வீட்டு ஒயரிங்குக்கு வாங்குகிற பிவிசி ஒயர் அங்கே இளகிவிடும். இணைப்பு கிரிம்ப் பண்ண வேண்டும், சால்டர் வைக்கக் கூடாது. தட்டுப் பக்கம் இருக்கிற சூட்டில் ஈயம் உருகிக் கழன்றுவிடும். மூன்று ஒயரையும் ஒரேயடியாக மாற்றச் சொல்லுங்கள், எர்த் உட்பட. கீல் பக்கத்தில் ஒயர் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், இழுத்துக் கட்டினால் இதே இடத்தில் மறுபடி அறும்.

வோல்ட் வாத்தியார் (புதன், இரவு 8.41)

சரி, நான் தப்பு. ஆனாலும் நான் 190 வோல்ட் பார்த்தது பார்த்ததுதான்.

துறைமுகத்து வீடு (சனி, மாலை 6.30)

இரண்டு நாள் அலைச்சல். லாரன்ஸ் ரோடு பக்கம் ஒருவரிடம் கொடுத்தேன், முதல் நாள் அவர் சாதாரணக் கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்துவிட்டார். வீட்டில் போட்ட 5 நிமிஷத்தில் ரப்பர் எரிகிற வாடை, உடனே அணைத்துவிட்டேன். மறுநாள் இந்த இழையையே போனில் காட்டினேன், முகம் சுளித்தாலும் சிலிகான் ஒயர் வாங்கி வந்து போட்டுக் கொடுத்தார். மொத்தம் 280 ரூபாய். பழைய ஒயரை எடுத்துக் காட்டினார், உறைக்குள் கம்பி பச்சை பூத்துப் போய்ப் பொடியாக உதிர்ந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் உப்புக்காற்று, ஜன்னல் கம்பியே இரண்டு வருஷம் தாங்காது, இது 4 வருஷம் தாங்கியதே பெரிசு.

இப்போது மீட்டரில் 58, மூடியை எப்படி ஆட்டினாலும். மேல் தட்டு எர்த் 0.5. பச்சை விளக்கு 4 நிமிஷம் 20 நொடி. பிரெட் இரண்டு பக்கமும் சிவந்தது. சப்பாத்தி மேல் தட்டில் ஒட்டவே இல்லை, பளிச்சென்று விடுகிறது.

ஆனால் இப்போது கீழ்த் தட்டில் அந்த வெள்ளி தெரிகிற இடத்தில் மட்டும் ஒட்டுகிறது 😩 முன்பு மேல் ஒட்டலில் இது தெரியவில்லை போல. மொத்தக் கோட்டிங்கும் போய்விட்டதா? இரும்புக்கல் சார் சொன்ன விஷம் வேறு மனதில் ஓடுகிறது.

பாகூர் அக்கா (சனி, மாலை 6.55)

எண்ணெய் தடவும்மா. ஒவ்வொரு சப்பாத்திக்கும் ஒரு சொட்டு.

முத்தியால்பேட்டை ஸ்பேனர் (சனி, இரவு 8.05)

அக்கா, அந்த எண்ணெய்தான் பாதி மிஷின்களைக் கெடுக்கிறது. மெல்லிய எண்ணெய் தினமும் சூட்டில் காய்ந்து காய்ந்து பழுப்பாக ஒரு பிசின் ஆகிவிடும், அதன்மேல் மாவு ஒட்டும். பார்க்கிறவர்கள் கோட்டிங் போய்விட்டது என்பார்கள். உண்மையில் கோட்டிங் அதன் அடியில் நன்றாகவே இருக்கும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஆறின தட்டில் நாலைந்து இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நல்ல இடத்தில் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். கெட்ட இடத்தில் பரவிப் படியும். பரவின இடத்தில் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, அரை மணி நேரம் கழித்து ஈரத்துணியால் துடையுங்கள். தட்டைத் தண்ணீரில் முக்கக் கூடாது, ஸ்டீல் நார் கூடாது. பழுப்புப் போய் கறுப்பாகத் தெரிந்து, தண்ணீர் உருண்டால் அது பிசின்தான். வெள்ளியாகவே இருந்தால் அலுமினியம், அங்கே கோட்டிங் இல்லை.

இரும்புக்கல் (சனி, இரவு 8.30)

விஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லையே?

முத்தியால்பேட்டை ஸ்பேனர் (சனி, இரவு 9.00)

சொல்கிறேன். உதிர்ந்த செதில் வயிற்றில் கரையாது, எதனோடும் சேராது, போன மாதிரியே வெளியே போய்விடும். நீங்கள் பத்திரிகையில் படித்தது கோட்டிங் தயாரிக்கும்போது பயன்படுத்திய வேறொரு ரசாயனம், அதன் மேல் புகார் இருந்தது உண்மை. சமைக்கும்போது கெடுதல் என்றால் அது அளவுக்கு மீறிச் சூடாகி வருகிற புகை. கூண்டில் கிளி வளர்ப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், பறவைகள் அந்தப் புகையில் செத்துப்போகும். மற்றபடி செதிலோடு சாப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, எனக்கும் பிடிக்காது.

துறைமுகத்து வீடு (ஞாயிறு, காலை 11.10)

சொட்டு விட்டுப் பார்த்தேன். மேல் தட்டு முழுக்க உருண்டது. கீழ்த் தட்டில் நடுவில் பரவியது, சுற்றி ஒரு பழுப்பு வளையத்திலும் பரவியது. சோடா போட்டதும் பழுப்பு வளையம் துணியில் வந்துவிட்டது, இப்போது அங்கே உருள்கிறது. நடுவில் உள்ளங்கை அளவாக இருந்தது இரண்டு ரூபாய் நாணயம் போல இரண்டு இடமாகச் சுருங்கிவிட்டது. அது மட்டும் வெள்ளியாகவே இருக்கிறது.

ஏன் நடுவில் மட்டும் போகிறது? கீழ்த் தட்டு தெர்மோஸ்டாட் அளவுக்கு மீறிச் சூடாக்குகிறதோ?

வோல்ட் வாத்தியார் (ஞாயிறு, மதியம் 12.20)

இந்த முறை நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். தெர்மோஸ்டாட் தட்டோடு ஒட்டியிருக்க வேண்டும். அதன் ஸ்குரூ தளர்ந்தால் நடுவே காற்று புகுந்துவிடும், தட்டு கொதித்தாலும் அதற்குத் தாமதமாகத்தான் தெரியும். அதனால் கட் ஆவதும் தாமதம், தட்டு அதிகம் சூடாகும். 4 வருஷத்தில் ஸ்குரூ தளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. ஸ்பேனர் சார், இதாவது சரியா?

முத்தியால்பேட்டை ஸ்பேனர் (ஞாயிறு, மதியம் 1.00)

இது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் இவர்கள் மிஷினில் அதுதானா என்று எனக்கு உறுதி இல்லை. தளர்ந்திருந்தால் முதல் பச்சை வரத் தாமதமாகும், பழைய 4 நிமிஷத்தைவிட நன்றாகவே தள்ளிப்போகும். இவர்களுக்கு 20 நொடிதான் வித்தியாசம், அன்றைய வோல்டேஜே அதைச் செய்யும் (பார்த்தீர்களா, உங்கள் வோல்டேஜும் உள்ளே வந்துவிட்டது). என் சந்தேகம் எவர்சில்வர் கரண்டி மேல். முதல் நாள் பதிவிலேயே கரண்டியால் வழித்தேன் என்று எழுதியிருக்கிறார்கள். மேல் தட்டிலிருந்து வழிக்கும்போது கரண்டி கீழேயும் இடிக்கும்.

ஒன்று கவனியுங்கள் அம்மா. முதல் பச்சை வரும்போது தட்டு அளவுக்கு மேலே ஒரு தாவு தாவியிருக்கும், ஏனென்றால் கட் ஆன பிறகும் எலிமெண்ட்டில் இருக்கிற சூடு தட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் போட்ட முதல் சப்பாத்திதான் கருகும். விளக்கு போய், மறுபடி வரும் வரை காத்திருந்து போடுங்கள். அதற்குள் மேல் தட்டும் கீழ்த் தட்டும் ஒன்றுக்கொன்று சமமாகிவிடும். இரண்டு மூன்று சப்பாத்தி தொடர்ந்து போட்டால் தட்டு இறங்கிவிடும், அடுத்த பச்சைக்கு ஒரு நிமிஷம் பொறுங்கள்.

துறைமுகத்து வீடு (ஞாயிறு, மதியம் 1.35)

கரண்டிதான் அண்ணா, மறுக்க முடியாது. கண்ணில் பட்டதை எடுத்து வழித்தேன்.

அந்த இரண்டு நாணய இடத்துக்கு மட்டும் மறுபடி கோட்டிங் போட முடியாதா? ஆன்லைனில் ஸ்பிரே விற்கிறார்களே.

ரெட்டியார்பாளையம் பேச்சிலர் (ஞாயிறு, மதியம் 2.00)

பாண்டியில் சண்டே மார்க்கெட்டில் ஒருவர் தவாவுக்குக் கோட்டிங் போட்டுத் தருவதாகப் பலகை வைத்திருந்தார், என் அறை நண்பன் போட்டான், ஒரு மாதத்தில் தோல் உரிகிற மாதிரி உரிந்தது. என் சாண்ட்விச் மேக்கர் வெயிலில் மூன்றாவது நாள்.

முத்தியால்பேட்டை ஸ்பேனர் (ஞாயிறு, மதியம் 2.40)

ஸ்பிரே வேண்டாம். கோட்டிங் நிலைக்க வேண்டும் என்றால் பழையதை முழுக்க மணல் அடித்து எடுத்து, உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, புதுசை அடித்து, 350 டிகிரிக்கு மேல் சூளையில் சுட வேண்டும். அதற்கு எலிமெண்ட்டிலிருந்து தட்டைக் கழற்ற வேண்டும், உங்கள் மாடலில் எலிமெண்ட் தட்டோடு சேர்த்தே வார்த்திருக்கலாம், அப்படியானால் கழற்றவே முடியாது. கழற்ற முடிந்தாலும் கூலியும் அலைச்சலும் புது மிஷின் விலையில் பாதியைத் தின்றுவிடும்.

இரண்டு நாணய அளவுக்கு இத்தனை பாடு வேண்டாம். உருண்டையை வரமாவில் புரட்டி, நன்றாகத் தட்டிவிட்டு வையுங்கள். அடியில் மாவு தூசி மாதிரி இருந்தால் போதும், அதிகமானால் கருகி வாடை வரும். அழுத்தித் திறந்ததும் அவசரப்பட்டுப் புரட்டாதீர்கள், 10 நொடி பொறுத்தால் அதுவே விடும். மரத் தோசைத் திருப்பி மட்டும். வெள்ளி இடம் மாதா மாதம் வளர்கிறதா என்று பாருங்கள், நான்கைந்து மடங்கு ஆனால் அன்றைக்குப் புதுசு வாங்கலாம்.

இரும்புக்கல் (ஞாயிறு, மாலை 5.15)

என் கல்லுக்கு ஒயரும் இல்லை, கோட்டிங்கும் இல்லை, ஓமும் இல்லை.

பாகூர் அக்கா (ஞாயிறு, மாலை 5.40)

பத்துப் பேருக்குத் தேய்த்துப் பாருங்கள் தம்பி, தோள்பட்டை சொல்லும்.

ஸ்பேனர் தம்பி, இதைப் படித்ததும் என் மிஷினைப் பார்த்தேன். கீல் பக்கம் மூடியைத் திறக்கும்போது கிர்ர் என்று சின்ன சத்தம், பச்சை விளக்கும் ஒரு சிமிட்டு சிமிட்டுகிறது. பத்துப் பேர் காத்திருக்கிறார்கள், இன்று ஒரு நாள் மட்டும் ஓட்டலாமா?

முத்தியால்பேட்டை ஸ்பேனர் (ஞாயிறு, மாலை 5.44)

வேண்டாம் அக்கா, பிளக்கை இப்போதே கழற்றுங்கள். அந்தச் சத்தம் உள்ளே பொறி பறக்கிற சத்தம். இரும்புக்கல் தம்பியிடம் கல்லைக் கடன் வாங்குங்கள், வீட்டில் யாரிடமாவது மீட்டர் இருந்தால் ஆறினதும் ஓம் அளந்து சொல்லுங்கள், எத்தனை வாட் என்பதையும் எழுதுங்கள்.

பாகூர் அக்கா (ஞாயிறு, மாலை 6.02)

கழற்றிவிட்டேன். பின்னால் 1000 என்று போட்டிருக்கிறது. மீட்டர் பக்கத்து வீட்டுக்காரர் வந்ததும் வாங்குகிறேன், இப்போதைக்குக் கோதுமை தோசை.